மஞ்சளில் 72,000, கடலையில் 24,500: எது உண்மையில் லாபம்?

கேள்வி: எனக்கு மூன்று ஏக்கர். ஒரு ஏக்கரில் மஞ்சள். மற்ற இரண்டில் நிலக்கடலை, அது முடிந்ததும் மக்காச்சோளம். வரவு செலவை நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்தக் கணக்குப்படி மஞ்சளில் ஏக்கருக்கு 72,000 மிஞ்சுகிறது. கடலையில் 24,500, சோளத்தில் 33,600தான். மூன்று ஏக்கரையும் மஞ்சளுக்கே மாற்றிவிடலாமா? நோட்டுப் பக்கங்களை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: மாற்ற வேண்டாம், குறைந்தபட்சம் இந்த நோட்டை நம்பி மாற்ற வேண்டாம். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் ஒப்பிடக் கூடாததை ஒப்பிட்டிருக்கிறீர்கள். மஞ்சள் ஒன்பது மாதம் நிலத்தில் நிற்கிறது. கடலையும் சோளமும் நாலு நாலு மாதம். ஆகவே மஞ்சளின் 72,000-ஐ ஒரு ஏக்கர் கடலை, சோளம் இரண்டும் சேர்ந்து தரும் 58,100-உடன்தான் ஒப்பிட வேண்டும். இடைவெளி அப்போதே 13,900 ஆகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்தது வீட்டு ஆள் வேலை. கூலி கொடுத்த ஆளை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் வீட்டில் இருப்பவர்களும் வேலை செய்த நாட்களைப் பக்க ஓரத்தில் குறித்திருந்தது நல்லதாகப் போயிற்று. எண்ணிப் பார்த்தால் மஞ்சளுக்கு ஏக்கருக்கு 60 நாள். கடலைக்கு 15, சோளத்துக்கு 12, இரண்டும் சேர்த்து 27. களை, மண் அணைப்பு, கிழங்கு வெட்டுதல், வேகவைத்துக் காயவைத்தல் என்று மஞ்சள் வீட்டு ஆட்களை விடாமல் இழுக்கும் பயிர். வெளியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நாள் கூலி 500 என்று வைத்தால் மஞ்சளில் 30,000 கழியும், மற்ற இரண்டிலும் சேர்த்து 13,500 கழியும்.

மூன்றாவது, பணம் முடங்கிக் கிடக்கும் காலம். மஞ்சளில் விதைக் கிழங்கு, அடியுரம், முதல் களை எல்லாம் தொடக்கத்திலேயே போய்விடுகிறது. சராசரியாக 80,000 ஒன்பது மாதம் முடங்குகிறது என்றால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 7,200. கடலை, சோளத்தில் சராசரி 20,000 எட்டு மாதம், வட்டி 1,600. சொந்தக் கைப்பணமாக இருந்தாலும் இதைக் கழியுங்கள். அந்தப் பணம் கடனை அடைத்திருக்கும்.

இப்போது ஏக்கருக்கு மிஞ்சுவது மஞ்சளில் 34,800. கடலை, சோளம் சேர்த்து 43,000. வரிசை தலைகீழாகிவிட்டது.

இந்த முடிவும் கல்வெட்டு அல்ல. வீட்டு ஆள் வேலைக்குச் சுழியம் போட்டால் மஞ்சள்தான் ஜெயிக்கும்: 64,800-க்கு எதிராக 56,500. வித்தியாசம் 8,300, மஞ்சள் கூடுதலாகக் கேட்பது 33 நாள். அதாவது உங்கள் ஒரு நாள் உழைப்புக்கு ஏறக்குறைய 250-க்கு மேல் வெளியில் கிடைக்குமானால் கடலை-சோளம் மேல். அந்த நாட்களில் வேறு வேலையே கிடைக்காது என்றால் மஞ்சள் மேல். இந்த 250 என்ற எண்தான் உங்கள் கணக்கிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டிய விடை. உங்கள் உழைப்புக்கு அதற்கு மேல் கிடைக்குமா என்பது உங்கள் ஊர்க் கூலியையும் வீட்டு நிலைமையையும் பொறுத்தது, நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

விதைக் கிழங்கை நோட்டில் எழுதவே இல்லை, சொந்த விதை என்பதால். 800 கிலோ, கிலோ 40 என்றால் 32,000. இதைச் செலவிலும் எழுத வேண்டும், இந்த ஆண்டு அடுத்த நடவுக்கென்று எடுத்துவைத்த 800 கிலோவை வரவிலும் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், லாபம் மாறாது. பின் எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று ஏக்கரும் மஞ்சள் என்றால் இன்னும் 1,600 கிலோ விதை வேண்டும். அதற்கு 64,000 கையிலிருந்து போக வேண்டும். எழுதாமல் விட்டால் இந்தச் செலவு நடவுக்கு முந்தின வாரம்தான் கண்ணில் படும்.

விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் ஒரு வரியாக வையுங்கள். எல்லாச் செலவையும் கூட்டி (மஞ்சளில் விதைக்கென எடுத்துவைத்ததைக் கழித்து) விற்ற கிலோவால் வகுத்தால் முதலுக்கு மோசமில்லாத விலை வரும். மஞ்சளில் 1,25,200 செலவு, விற்றது காய்ந்த மஞ்சள் 1,600 கிலோ. கிலோவுக்கு 78 சொச்சம். நீங்கள் விற்றது 100-க்கு. விலை 22 சதவீதம் சரிந்தால் லாபம் காலி. கடலைக்கு இந்த விலை 47, விற்றது 65-க்கு. 28 சதவீதம் வரை தாங்கும். சோளம் 43 சதவீதம் வரை தாங்கும்.

இனி இந்தக் கணக்கை எக்செல் போன்ற விரிதாளில் போடுங்கள். தாளை எப்படி அமைப்பது? பயிர்ப் பெயரை மட்டும் எழுதினால் போன பருவக் கடலையும் இந்தப் பருவக் கடலையும் கலந்துவிடும். ஒவ்வொரு நடவுக்கும் தனிக் குறியீடு கொடுங்கள்: K1, K2, S1, M1. A தேதி, B குறியீடு, C வேலை, D வீட்டு ஆள் நாட்கள், E தொகை. செலவு நடந்த அன்றே ஒரு வரி. ஒரு நடவின் மொத்தச் செலவும் வீட்டு ஆள் நாட்களும் இப்படி வரும்:

```
=SUMIFS(E:E,B:B,"M1")
=SUMIFS(D:D,B:B,"M1")
```

மோட்டார், குழாய் பழுது போன்ற பொதுச் செலவுகளை ஏக்கர் கணக்கில் சமமாகப் பிரிக்காதீர்கள். மோட்டார் ஓடிய மணி நேரத்தை வைத்துப் பிரியுங்கள், இல்லையென்றால் மஞ்சள் குடித்த தண்ணீரின் செலவைக் கடலை சுமக்கும். நீங்கள் இதை ஏற்கெனவே மணி நேரப்படிதான் பிரித்திருக்கிறீர்கள், அதனால் மேலே உள்ள தொகைகளில் மாற்றமில்லை. விளைச்சலையும் மூட்டை எண்ணி எழுத வேண்டாம். காய்ந்த பிறகு தராசில் நின்ற எடையை எழுதுங்கள். பறித்த கடலையில் ஈரம் அதிகம், உலர்ந்தால் எடை வெகுவாக இறங்கும். பச்சைக் கிழங்கோ காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு பருவம் பச்சை எடையும் அடுத்த பருவம் உலர் எடையும் எழுதினால் விளைச்சல் சரிந்ததுபோல் தெரியும், காரணம் தேடி உரத்தைக் கூட்டுவீர்கள்.

கடைசியாக நிலத்தைப் பற்றி. ஒரே வயலில் தொடர்ந்து மஞ்சள் வைத்தால் கிழங்கு அழுகல் மண்ணில் தங்கி அடுத்த ஆண்டும் பிடிக்கும். அதனால் மூன்று ஏக்கரும் ஆண்டுதோறும் மஞ்சள் என்பது தாளில் லாபம் காட்டினாலும் வயலில் நிற்காது. அடுத்த நடவுக்கு அதே ஒரு ஏக்கர் மஞ்சளை இப்போது கடலை இருக்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள், பழைய மஞ்சள் வயலில் கடலை போடுங்கள். அந்த மஞ்சளுக்கு M2 என்று குறியீடு கொடுத்து, வீட்டு ஆள் நாட்களை ஓரத்தில் குறிக்காமல் D-யில் எழுதி வாருங்கள். அறுவடை முடிந்ததும் அந்த 250 கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா பார்த்துவிட்டு, இரண்டாவது ஏக்கரைப் பற்றி எழுதுங்கள்.