சம்பளமில்லாத பயிற்சிக்குச் சான்றிதழ் கேட்க உரிமை உண்டா?

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் நான்கு மாதமாகச் சம்பளமில்லாமல் பயிற்சி பெறுகிறேன். கடிதம் எதுவும் தரவில்லை. சேரும்போது, "முடிவில் சர்டிபிகேட் தருவோம்" என்று முகாமையாளர் வட்ஸ்அப்பில் எழுதினார். இந்த மாதக் கடைசியில் முடிகிறது. இப்போது கேட்டால், "சம்பளப் பட்டியலில் இல்லாதவருக்கு எப்படிச் சான்றிதழ் தருவது?" என்கிறார். பரிந்துரைக் கடிதமும் கேட்கலாமா? சுயவிபரக் கோவையில் இதை எப்படிப் போடுவது? முன்பதிவுத் தளங்களின் தரகுப் பில்களைச் சரிபார்ப்பதுதான் என் முக்கிய வேலை. – வாசகி, உப்புவெளி

பதில்: அந்த வட்ஸ்அப் செய்தியை முதலில் பத்திரப்படுத்துங்கள். திகதியும் முகாமையாளருடைய இலக்கமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். போனில் உள்ள மூலச் செய்தியை அழிக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் ஆவணம் இப்போதைக்கு அது ஒன்றுதான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு செய்தியின் சட்டப் பெறுமதியை மறுக்க முடியாது.

காசு வாங்காத வேலைக்குக் கொடுத்த வாக்கு கட்டுப்படுத்துமா என்பதுதான் முகாமையாளரின் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. கட்டுப்படுத்தும் என்பது என் கருத்து. நம் நாட்டில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படை உரோம-டச்சுச் சட்டம். ஆங்கிலச் சட்டத்தைப் போல, வாக்குக்குப் பதிலாக ஏதாவது கைமாறு கிடைத்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. யோசித்து, நியாயமான காரணத்தோடு கொடுத்த வாக்கே போதும். ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில், அப்போது நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1918இலேயே இதை உறுதி செய்துவிட்டது. உங்கள் விஷயத்தில் கைமாறும் இருக்கிறது. நான்கு மாத உழைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை என்பது சான்றிதழை மறுக்கக் காரணமாகாது. அவர்கள் உங்களுக்குச் சம்பளம் கொடுத்ததாக எழுத வேண்டியதில்லை. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எந்தப் பிரிவில், என்ன செய்தீர்கள் என்று எழுதினால் போதும்.

பரிந்துரைக் கடிதம் வேறு. சான்றிதழ் நடந்ததைச் சொல்கிறது. பரிந்துரை ஒருவருடைய அபிப்பிராயத்தைச் சொல்கிறது. என்னைப் பற்றி நல்லதாக எழுது என்று யாரையும் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்தி வாங்கினாலும், "அவர் எப்படி?" என்று யாராவது போனில் கேட்கும்போது வரும் தயக்கமே அதைக் கெடுத்துவிடும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள். பரிந்துரை தர விருப்பமில்லாதவர் சான்றிதழையும் சேர்த்து இழுத்தடிப்பார். சான்றிதழை நிறுவனத்திடம் கேளுங்கள். பரிந்துரையை, தினமும் உங்கள் வேலையைப் பார்த்த ஒருவரிடம் நேரில் கேளுங்கள். உங்கள் இடத்தில் அது முகாமையாளரைவிடக் கணக்காளராகத்தான் இருக்கும். நீண்ட கடிதத்தைவிட, "என் பெயரையும் இலக்கத்தையும் போடலாம்" என்ற அவருடைய சம்மதம் பல இடங்களில் கூடுதலாக உதவும். அந்தச் சம்மதத்தை ஒரு குறுஞ்செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, கேட்கும் முறை. வாயால் கேட்டு மறுப்பு வந்துவிட்டதால் இனி எழுத்தில் கேளுங்கள். கடைசி நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முந்தியே மின்னஞ்சல் போடுங்கள். வேலையை விட்டு வெளியே போனவருடைய மின்னஞ்சலுக்குப் பதில் வர நாளாகும். இப்படி எழுதலாம்:

"மே மாதம் முதல் கணக்குப் பிரிவில் பயிலுநராகப் பணியாற்றி வருகிறேன். சேரும்போது பயிற்சி முடிவில் சான்றிதழ் தருவதாக வட்ஸ்அப்பில் உறுதியளித்திருந்தீர்கள் (படம் இணைப்பில்). உங்கள் வேலையைக் குறைப்பதற்காக ஒரு வரைவையும் இணைத்துள்ளேன். தவறுகள் இருந்தால் திருத்தி, எனது கடைசி நாளுக்கு முன் கையொப்பமிட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

வரைவை நீங்களே எழுதுவதுதான் இதில் முக்கியம். பல இடங்களில் சான்றிதழ் மறுக்கப்படுவது கெட்ட எண்ணத்தால் அல்ல, எழுத ஆளில்லாததால். வரைவில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி, முதலெழுத்துகள் உட்பட, இருக்க வேண்டும். நிறுவனத்தின் பதிவுசெய்த பெயரும் வேண்டும். நம் கடற்கரை ஹோட்டல்கள் பலவற்றில் பலகையில் ஒரு பெயர், பதிவில் வேறொரு பிரைவேட் லிமிடெட் பெயர். கொழும்பில் ஒரு கம்பனி உங்கள் சான்றிதழைச் சரிபார்க்கத் தேடும்போது இரண்டும் பொருந்தாவிட்டால் சந்தேகம் வரும். கையொப்பமிடுபவரின் பதவியும் திகதியும் இறப்பர் முத்திரையும் இருக்கட்டும். விண்ணப்பிக்கும் இடங்களை யோசித்து ஆங்கிலத்திலும் ஒன்று வாங்குங்கள்.

சுயவிபரக் கோவையின் வரியும் அந்த வரைவிலிருந்துதான் வர வேண்டும். "கணக்குப் பிரிவில் பல்வேறு பணிகளில் உதவினேன்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் புரியாது. நீங்கள் சொன்ன தரகுப் பில் வேலையை இப்படி எழுதலாம்:

"கணக்குப் பயிலுநர், மே – ஆகஸ்ட். இணையவழி முன்பதிவுத் தளங்களின் மாதாந்தத் தரகுப் பில்களை, உண்மையில் தங்கிய விருந்தினர் பதிவோடு ஒப்பிட்டு, முரண்பாடுகளைக் கணக்காளருக்கு அறிக்கையிட்டேன்."

ஹோட்டல் கணக்கு தெரிந்தவர் இதை வாசித்தால், வராத விருந்தினருக்கும் தரகு போட்டுவிடும் சிக்கல் உங்களுக்குத் தெரியும் என்று உடனே புரிந்துகொள்வார். எத்தனை பில் பார்த்தீர்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அந்த எண்ணிக்கையையும் சேருங்கள். ஆனால் ஹோட்டலின் வருமானத்தையோ, எவ்வளவு தரகு மீட்கப்பட்டது என்பதையோ அனுமதியில்லாமல் போடாதீர்கள்; அது அவர்களுடைய இரகசியத் தகவல். "பயிலுநர்" என்பதை "கணக்கு உதவியாளர்" என்று உயர்த்தவும் வேண்டாம். சம்பளமில்லை என்று எழுத வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் நேர்முகத்தில் கேட்டால் மறைக்கக் கூடாது. நண்பர் ஒருவர் ஹோட்டலின் கடிதத்தலைப்பில் சான்றிதழ் செய்து தருகிறேன் என்றால் கிட்டவும் போகாதீர்கள். அது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் பொய்யாவணக் குற்றம்.

கடைசி நாள்வரை பதில் வரவில்லையென்றால், கிளம்பும் முன் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கணக்காளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சான்றிதழ் வராவிட்டாலும் அந்தப் பக்கம் உங்கள் கையில் இருக்கும். பிறகு பதிவுத் தபாலில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதிலில்லையென்றால், சட்டத்தரணி ஒருவர் மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். வழக்குக்குப் போகச் சொல்லமாட்டேன். ஒரு சான்றிதழுக்காக அந்தச் செலவும் காலமும் உங்களுக்குக் கட்டாது. பெரும்பாலும் அந்தக் கடிதத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சான்றிதழ் தரும்போது, "எனக்கு நிறுவனத்திடமிருந்து எந்தக் கொடுப்பனவும் வர வேண்டியதில்லை" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கக்கூடும். கைத்தொழில் பிணக்குகள் சட்டம் "தொழிலாளி" என்ற சொல்லுக்குள் பயிற்சி ஒப்பந்தத்தில் இருப்பவரையும் சேர்க்கிறது. பயிற்சி என்ற பெயரில் நீங்கள் நிரந்தர ஊழியர் ஒருவரின் இடத்தையே நிரப்பியிருந்தால், சம்பளம் கேட்கலாமா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய கேள்வி. அதற்கு மாவட்டத் தொழில் அலுவலகம் இருக்கிறது. சான்றிதழ் ஏற்கெனவே வாக்களிக்கப்பட்டது. அதைப் பெறுவதற்குச் சம்பளம் கேட்கும் வாய்ப்பை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் தாளில் கையெழுத்திடாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு, திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் காட்டுங்கள்.