மேத்ஸ்ல கிரேடு இறங்கிருக்கு, பர்சென்டைல் ஏறிருக்கு, எதை நம்புறது?

கேள்வி: பையன் ஏழாவது, சிபிஎஸ்இ ஸ்கூல். மேத்ஸ்ல டெர்ம் 1ல 81, ஏ2, பர்சென்டைல் 55. டெர்ம் 2ல 79, பி1, பர்சென்டைல் 75. ரிமார்க்ஸ்ல "குட், கேன் டூ பெட்டர்"னு இருக்கு. முன்னேறிருக்கானா பின்னாடி போயிருக்கானா? இப்படியே போனா பத்தாவதுல ஏ1 வருமான்னு இவங்க அப்பா வேற கேக்குறார்.

பதில்:

இந்த ரெண்டு கார்டை மட்டும் வச்சு பார்த்தா முன்னேறவும் இல்ல பின்னாடி போகவும் இல்ல, கிட்டத்தட்ட அதே இடத்துலதான் நிக்கிறான். நான் ரொம்ப வருஷமா ஆறுல இருந்து எட்டு வரைக்கும் மேத்ஸ் எடுக்குறேன், கிளாஸ் டீச்சராவும் இருந்திருக்கேன், பிடிஎம்ல அதிகமா கேக்குற கேள்வியே இதுதான்.

முதல்ல கிரேடு. 91ல இருந்து 100 ஏ1, 81ல இருந்து 90 ஏ2, 71ல இருந்து 80 பி1, இப்படி பத்து பத்து மார்க்கா கீழ போய் 33ல இருந்து 40 டி, 32ம் அதுக்கு கீழயும் ஈ. உங்க பையன் ஏ2வோட கடைசிப் படியில இருந்தான், இப்ப பி1ல கிட்டத்தட்ட மேல் படியில இருக்கான், நடுவுல போனது ரெண்டே மார்க். ஆனா 71 வாங்கின பையனுக்கும் 80 வாங்கின பையனுக்கும் அதே பி1தான் கார்டுல விழும். அதனால மார்க் இருக்கும்போது கிரேடைப் பார்க்கவே வேணாம், மார்க் போடாம கிரேடு மட்டும் குடுக்குற ஸ்கூல்னா எத்தனைன்னு கேட்டு வாங்கிடுங்க.

அந்த 79லயும் ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. 2017ல சிபிஎஸ்இ கொண்டுவந்த அமைப்பைத்தான் இன்னும் நிறைய ஸ்கூல் வச்சிருக்காங்க, அதுல எழுத்துத் தேர்வு 80, மீதி 20 இன்டர்னல், அதாவது பீரியாடிக் டெஸ்ட்டுக்கு 10, நோட்டுக்கு 5, ஆக்டிவிட்டிக்கு 5. நோட்டை ஒழுங்கா சப்மிட் பண்ணா அந்த 5 வந்துடும், ஆக்டிவிட்டிக்கு யாரும் 4க்கு கீழ போடுறதே இல்ல (நானும்தான்). அதனால உங்க கார்டுல இன்டர்னலுக்கும் எழுத்துக்கும் தனித்தனி கட்டம் இருக்கான்னு பாருங்க. உதாரணத்துக்கு டெர்ம் 1ல இன்டர்னல் 18, எழுத்து 63, டெர்ம் 2ல இன்டர்னல் 19, எழுத்து 60னு வச்சுக்கலாம். அப்ப எழுத்துல 80க்கு 63ல இருந்து 60, சதவீதமா போட்டா சுமார் 79ல இருந்து 75. 79ங்கிற மொத்தம் அதை மூடி வச்சிருக்கு. 80க்கு 52 எழுதின பிள்ளைக்கும் இன்டர்னல் 19 சேர்த்தா 71 வந்து பி1 ஆயிடும், ஆனா எழுத்துல அது 65 சதவீதம்தான். பிள்ளைக்கு என்ன தெரியும்னு பார்க்கணும்னா அந்த 80ஐ மட்டும் பாருங்க.

இப்ப பர்சென்டைல். இது சதவீதம் இல்ல, மார்க்கும் இல்ல, எத்தனை பேர் இவனுக்கு கீழ இருக்காங்கங்கிறதுதான். கிளாஸ்ல 40 பேர்னா 55ங்கிறது 22 பேர் கீழ, 75ங்கிறது 30 பேர் கீழ. அப்ப எட்டு பிள்ளைங்களை தாண்டிட்டான், அதுவும் மார்க் குறைஞ்சு. எப்படின்னா மத்தவங்களுக்கு இன்னும் அதிகமா குறைஞ்சிருக்கு. டெர்ம் 2 பேப்பர்ல பொதுவா முதல் டெர்ம் பாடமும் கொஞ்சம் வரும், 2017 அமைப்புல ஏழாவதுக்கு 20 சதவீதம்னு வச்சிருந்தாங்க, அதை மறந்துட்டு வர்ற பிள்ளைங்க நிறைய. பேப்பரே கஷ்டமா இருந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு.

அதுக்காக 55ல இருந்து 75ன்னு சந்தோஷப்படவும் வேணாம். 40 பேர் கிளாஸ்ல ஒரு பிள்ளையைத் தாண்டினாலே 2.5 ஏறும். அதுவும் நடுவுல, 75ல இருந்து 85 மார்க்குக்குள்ள பாதி கிளாஸ் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கும், அங்க ரெண்டு மார்க் கூடினா ஆறேழு பேரைத் தாண்டிடலாம், ரெண்டு குறைஞ்சா அதே ஆறேழு பேர் தாண்டிப் போயிடுவாங்க. அதனால நடுவுல இருக்குற பிள்ளைக்கு பர்சென்டைல் 15, 20 ஆடுறது சாதாரணம். மேல 95ல இருக்குற பிள்ளை 75க்கு வந்தா அது வேற விஷயம், அங்க கூட்டம் கம்மி, அவ்வளவு இறங்க நிறைய மார்க் போயிருக்கணும். இன்னொன்னு, இது உங்க செக்‌ஷனுக்குள்ள போட்டதா, ஏழாவது முழுசுக்கும் போட்டதான்னு ஆஃபீஸ்ல கேளுங்க. ஒரு டெர்ம் செக்‌ஷன் வச்சும் அடுத்த டெர்ம் எல்லா செக்‌ஷனையும் சேர்த்தும் போட்டிருந்தா ரெண்டையும் ஒப்பிடவே கூடாது.

ரிமார்க்ஸைப் பத்தி உண்மையைச் சொல்றேன், மார்ச் கடைசில 40 கார்டு, ராத்திரி உக்காந்து முடிக்கணும், நிறைய சாஃப்ட்வேர்ல ரெடிமேட் வரி லிஸ்ட்டா இருக்கும், மொத்த மார்க்கைப் பார்த்து ஒண்ணை கிளிக் பண்றதுதான். "கேன் டூ பெட்டர்"ங்கிறது எழுபதுல இருந்து எண்பத்தஞ்சுக்குள்ள வாங்கின பாதிப் பேருக்கு வர்ற வரி. அதுவும் எழுதினது கிளாஸ் டீச்சர், அவங்க மேத்ஸ் எடுக்குறவங்களா இருக்கணும்னு இல்ல. எந்தப் பாடத்துக்கும், எந்தப் பிள்ளைக்கும் பொருந்துற மாதிரி இருந்தா அதை அப்படியே விட்டுடுங்க. "ஸ்டேட்மென்ட் சம் வந்தா எழுதாம விட்டுடுறான்", "ஸ்டெப் போடாம நேரா விடை எழுதுறான்" இந்த மாதிரி ஒரு குறிப்பான விஷயம் இருந்தா அது மட்டும்தான் உங்க பையனைப் பார்த்து எழுதினது.

உங்களுக்கு நிஜமா வேணுங்கிறது விடைத்தாள்தான். பிடிஎம் அன்னைக்கு கேட்டா காட்டுவாங்க. எழுத்துல போன மார்க்கை மூணு விதமா பிரிச்சுப் பாருங்க: எழுதவே இல்லாதது, முறை தப்பா போட்டது, முறை சரியா போட்டு கூட்டல் கழித்தல்ல விட்டது. போன வருஷம் எங்கிட்ட ஒரு பொண்ணுக்கு எழுத்துல 80க்கு 60, பிரிச்சுப் பார்த்தா 12 மார்க் ஸ்டேட்மென்ட் சம்மைத் தொடாமலே விட்டது, 3 மார்க் மைனஸ் குறி தப்பு, மீதி அங்கங்க. அவங்க அம்மா அதுவரைக்கும் டியூஷன்ல வாய்ப்பாடும் பெருக்கலும் போட வச்சிட்டிருந்தாங்க, பொண்ணுக்கு கணக்கு போடத் தெரியும், கேள்வியைப் படிச்சு சமன்பாடா மாத்தத்தான் தெரியல. உங்க பையனோடதுல முதல் டெர்ம் பாடத்துல இருந்து வந்த கேள்விங்கள்ல எத்தனை போச்சுன்னும் தனியா எண்ணுங்க, அங்கதான் அதிகம்னா புரியாத பிரச்சனை இல்ல, ரிவிஷன் பண்ணாத பிரச்சனை.

அப்புறம் அவங்க அப்பாகிட்ட சொல்லுங்க, பத்தாவது சர்டிஃபிகேட்ல வர்ற ஏ1 இந்த ஏ1 இல்ல. அங்க 91க்கு மேலன்னு கோடு கிடையாது, அந்தப் பாடத்துல பாஸ் ஆன எல்லாரையும் மார்க் வரிசைல நிறுத்தி மேல இருக்குற எட்டுல ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டுல ஒரு பங்குக்கு ஏ2ன்னு போர்டு குடுக்குது. அதனால ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஏ1 தொடங்குற மார்க் மாறும். ஏழாவது பி1ஐ வச்சு அதைக் கணிக்க வழியே இல்ல.