கடைசி நேரத்தில் ரத்தாகும் ஆன்லைன் டியூஷன்

கேள்வி: கோபியிலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கு ஆன்லைன்ல எடுக்கறனுங்க. நோம்பி, கல்யாணம்னு கடைசி நேரத்துல வகுப்பை நிறுத்திடறாங்க. காசு எப்படிக் கேக்கறதுங்க?

வகுப்பு முடிந்தபின் காசு வாங்கினால் இது தீராதுங்க. மாத முன்பணத்துக்கு மாறுங்கள். மணிக்கு 300 ரூபாய், மாதம் 8 வகுப்பு என்றால் 2,400. ஒவ்வொரு வகுப்புக்கும் தயாரிப்பு, திருத்தம் என அரை மணி போவதால், உங்களுக்கு நிற்பது மணிக்கு 200தான். இப்போதைய முறையில் இரண்டு வகுப்பு ரத்தானால் வரவு 1,800 ஆகிவிடும். தயாரித்த நேரமும் வீண், அந்த நேரத்தில் வேறு பிள்ளையையும் சேர்க்க முடியாது.

விதி இப்படி இருக்கட்டும்: 12 மணி நேரத்துக்கு முன் சொன்னால் அதே மாதத்தில் மாற்று வகுப்பு, அதிகபட்சம் இரண்டு. அதற்குப் பின் சொன்னால் வகுப்பு நடந்ததாகவே கணக்கு. காய்ச்சலுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். நீங்கள் ரத்து செய்தாலோ உங்கள் பக்கம் கரண்ட் போனாலோ, விட்ட நிமிடங்களைக் கட்டாயம் ஈடுசெய்யுங்கள். இல்லாவிட்டால் விதியை யாரும் மதிக்க மாட்டார்கள்.

நோம்பித் தேதி முன்பே தெரியும். மாதத் தொடக்கத்திலேயே கேட்டு அட்டவணையை மாற்றிக்கொள்ளலாம்.

புதியவர்களுக்கு 30 நிமிட இலவச மாதிரி வகுப்பு போதும். அதன் கடைசி 5 நிமிடத்தில் அம்மாவையோ அப்பாவையோ அழைத்து விதியைச் சொல்லி, வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, ‘சரி’ என்று பதில் வந்த பிறகே பணம் வாங்குங்கள். காலாண்டு மதிப்பெண் வந்த வாரத்தில், இப்போது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்லி வைத்தால் புதிதாக ஆள் கிடைக்கும்.