கேஷுவாலிட்டி, ஓ.பி., டே கேர்: பலகையில் எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் மருத்துவமனையின் பலகைகளைத் தமிழில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கேஷுவாலிட்டி, அவுட்பேஷன்ட், டே கேர் ஆகியவற்றுக்கு அகராதிச் சொற்களை அப்படியே எழுதினால் போதுமா? வருகிறவர்கள் வழி கேட்டுக்கொண்டே நிற்கக் கூடாது.

பதில்: போதாது. அகராதி அந்தச் சொல்லுக்குப் பொருள் தருமே தவிர, அந்தக் கதவுக்குள் யார், எப்போது, எதற்காகப் போக வேண்டும் என்பதைச் சொல்லாது. ஆகவே எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு பிரிவின் செவிலியரிடமும் அங்கே என்ன சிகிச்சை நடக்கிறது, முன்பதிவு வேண்டுமா, இரவிலும் திறந்திருக்குமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேஷுவாலிட்டியை ‘விபத்துப் பிரிவு’ என்று எழுதினால், நெஞ்சுவலியோடு வருகிறவரின் உறவினர் அது தங்களுக்கானதல்ல என்று நினைத்துக் கடந்துபோய்விடக்கூடும். ‘அவசர சிகிச்சைப் பிரிவு’ என்பதே பொருத்தமானது. பரவலாகப் பழகிய பெயரும் அதுதான். ஆனால் அதன் அருகிலோ மேல்மாடியிலோ ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்ற பலகையும் இருக்கும். முதல் சொல்லைத் தவிர இரண்டுக்கும் எல்லாம் ஒன்றே என்பதால், பதற்றத்தில் ஓடிவருகிறவர் கண்ணுக்கு ‘சிகிச்சைப் பிரிவு’ மட்டுமே படும். இதைச் சொல்லை மாற்றித் தீர்ப்பதைவிடத் துணைவரி சேர்த்துத் தீர்ப்பது நல்லது: முன்னதன் கீழே ‘24 மணி நேரமும்’ என்றும், பின்னதன் கீழே ‘அனுமதி பெற்றவர்கள் மட்டும்’ என்றும் எழுதி, இரண்டு பலகைகளுக்கும் வெவ்வேறு வண்ணம் கொடுத்துவிடுங்கள்.

அவுட்பேஷன்ட் பிரிவுக்குப் ‘புறநோயாளிகள் பிரிவு’ என்ற பெயர் நன்கு நிலைபெற்றுவிட்டது. இலங்கைத் தமிழில் ‘வெளிநோயாளர் பிரிவு’ என்பார்கள். உங்கள் மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டென்றால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘புறநோயாளிகள்’, ‘புற்றுநோயாளிகள்’ என்ற இரண்டையும் பத்தடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்; இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். காய்ச்சலுக்கு வந்தவர் புற்றுநோய்ப் பிரிவின் வாசலில் நின்று திகைப்பதற்கு இது போதும். நிலைபெற்ற பெயரை விட்டுவிடாமல், மற்ற பலகையைப் ‘புற்றுநோய் மருத்துவம்’ என்று மாற்றுவதே என் பரிந்துரை. வாய்ப்பேச்சில் எல்லாரும் ‘ஓ.பி.’ என்றே சொல்வதால் அதையும் தமிழ் எழுத்தில் சேர்த்து, ‘புறநோயாளிகள் பிரிவு – ஓ.பி.’ என எழுதலாம். தூய தமிழ் விரும்பிகள் முகம் சுளிக்கலாம்; ஆனால் காவலாளி ‘ஓ.பி.க்குப் போங்க’ என்று கைகாட்டும்போது அந்தச் சொல் பலகையிலும் இருக்க வேண்டும்.

மூன்றில் அதிகம் குழப்புவது டே கேர். ‘பகல்நேரப் பராமரிப்பு மையம்’ என்று எழுதினால் குழந்தைகள் காப்பகம் அல்லது முதியோரைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் என்றே படிப்பவர் நினைப்பார். ‘பகல்நேர சிகிச்சை’ என்று மட்டும் எழுதினால், பகலில் இயங்கும் ஓ.பி. என்று எடுத்துக்கொண்டு முன்பதிவு இல்லாமலே வந்து நிற்பார். உண்மையில் அங்கே நோயாளிக்குப் படுக்கை உண்டு, சிகிச்சை உண்டு, அன்றே வீடு திரும்புதலும் உண்டு. இரவு தங்குவது மட்டும் இல்லை. கண்புரை போன்ற அறுவை சிகிச்சைகள் மட்டுமே நடக்கும் இடமானால் ‘ஒருநாள் அறுவை சிகிச்சைப் பிரிவு’ என்பது தெளிவாக இருக்கும். கீமோதெரபி நடக்கும் இடத்துக்கு ‘ஒருநாள்’ பொருந்தாது. பல முறை வர வேண்டிய நோயாளி ஒரே நாளில் சிகிச்சை முடிந்துவிடும் என்று நம்பிவிடுவார். அங்கே ‘பகல்நேர சிகிச்சைப் பிரிவு’ என்று பெரிய எழுத்திலும், ‘முன்பதிவு செய்தவர்களுக்கு, இரவு தங்கத் தேவையில்லை’ என்று சிறிய எழுத்திலும் எழுதுங்கள்.

வரைவைத் தாளில் அச்சிட்டு, மருத்துவமனைக்குப் புதிதான நாலைந்து பேரிடம் காட்டுங்கள். ‘இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?’ என்று கேட்காதீர்கள். பொருள் தெரிந்தவரும் வழி தவறுவார். ‘மூச்சுத் திணறுகிறவரை எங்கே அழைத்துப்போவீர்கள்?’, ‘நாளைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, எந்தக் கதவு?’ என்று கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் அந்தப் பலகையைத் திருத்த வேண்டும்.

எழுத்து ஓவியரிடம் வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள்; நெருக்கி எழுதினால் மேலே வரும் புள்ளியும் கீழே இறங்கும் உகரக் குறியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இடம் போதாவிட்டால் சொல்லை நடுவில் உடைக்காமல் ‘பிரிவு’ என்பதை அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள். கடைசியாக முடிவு செய்த பெயரையே ஓ.பி. சீட்டு, முன்பதிவுக் குறுஞ்செய்தி, மாடிப்படி அம்புக்குறி எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் இடச் சொல்லுங்கள். சீட்டில் ‘டே கேர்’ என்றும் கதவில் ‘பகல்நேர சிகிச்சைப் பிரிவு’ என்றும் இருந்தால், வந்தவர் மறுபடியும் விசாரணை மேசைக்குத்தான் திரும்புவார்.