ஆராய்ச்சிச் செலவைச் சொத்தாக்கிப் பங்கிலாபம் பிரிக்கலாமா?

கேள்வி: திருகோணமலையில் மூன்று பங்காளிகள் சேர்ந்து தனியார் கம்பனி நடத்துகிறோம். மழைக்காலத்திலும் கருவாடு உலர்த்தக்கூடிய இயந்திரம் ஒன்றை வடிவமைத்து, 2025 ஒக்டோபர் முதல் விற்கத் தொடங்கினோம். 2023 ஏப்ரலில் இருந்து அதற்கு 96 இலட்சம் ரூபா செலவு. 2025 மார்ச் வரையான 56 இலட்சத்தைச் செலவாகவே எழுதிவிட்டோம். இப்போது ஒரு பங்காளி, 96 இலட்சத்தையும் சொத்தாகக் காட்டி 40 இலட்சம் பங்கிலாபம் பிரிக்கலாம் என்கிறார். கணக்காய்வாளர் மறுக்கிறார். இந்தச் செலவைச் சேர்க்காமல் எங்கள் சொத்து 130 இலட்சம், கடன்கள் 70 இலட்சம், கூறப்பட்ட மூலதனம் 50 இலட்சம். சட்டம் என்ன சொல்கிறது? எத்தனை வருடத்தில் தேய்த்து எழுதுவது?

பதில்: போன வருட நிதிக்கூற்றை எடுத்து, எந்த நியமப்படி தயாரித்தது என்று சொல்லும் குறிப்பை முதலில் வாசியுங்கள். சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான எஸ்எல்எப்ஆர்எஸ் என்ற இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் அங்கே இருந்தால் விவாதம் அத்தோடு சரி. உள்ளே செய்த ஆராய்ச்சியும் சரி, அபிவிருத்தியும் சரி, அந்த நியமத்தில் முழுக்கச் செலவுதான். சின்னக் கம்பனிகள் பலவும் இதைத்தான் பின்பற்றுகின்றன. இந்த ஒரு சொத்துக்காக மட்டும் முழு நியமத்துக்குத் தாவவும் முடியாது. மாறினால் எல்லா நியமங்களையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

குறிப்பில் முழு எஸ்எல்எப்ஆர்எஸ், எல்கேஏஎஸ் என்று இருந்தால் அருவச் சொத்துகளுக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமம் எல்கேஏஎஸ் 38 பொருந்தும். ஆராய்ச்சிக் கட்டச் செலவு எப்போதும் செலவுதான். அபிவிருத்திக் கட்டச் செலவு, ஆறு விடயங்களையும் காட்ட முடிந்த நாளில் இருந்து சொத்து. வேலையைச் செய்து முடிக்கத் தொழில்நுட்பரீதியாக முடியும், முடிக்கும் எண்ணம் இருக்கிறது, விற்கவோ பாவிக்கவோ முடியும், சந்தை இருக்கிறது, முடிக்கப் பணமும் ஆளும் உண்டு, செலவைப் பிரித்து அளக்க முடியும் என்பவையே அந்த ஆறு. ஐந்து இருந்து ஒன்று குறைந்தாலும் செலவுதான். இங்கே பங்காளிகளுக்குத் தெரிவு இல்லை: ஆறும் இருந்தால் சொத்தாக எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எழுதவே கூடாது.

ஆகவே உங்கள் வழக்கு முழுவதும் ஒரு திகதியில் தங்கியிருக்கிறது. விறகுச் சூடா, மின்சூடா, சூரிய வெப்பமா என்று ஒப்பிட்ட காலம் எவ்வளவு நீண்டாலும் ஆராய்ச்சிதான். மாற்று வழிகளைத் தேடி, மதிப்பிட்டு, ஒன்றைத் தெரிவு செய்வதை நியமம் அந்தப் பக்கத்தில்தான் வைக்கிறது. ஓகஸ்ட் வெயிலில் மாதிரி இயந்திரம் நன்றாக உலர்த்தியது என்ற பதிவும் உதவாது, ஓகஸ்டில் திருகோணமலையில் பாயில் போட்டாலே கருவாடு காயும். மழைக்காலத்துக்கான இயந்திரம் என்றால் வடகீழ்ப் பருவமழையில் நடந்த சோதனைதான் தொழில்நுட்பச் சாத்தியத்துக்குச் சான்று.

உதாரணமாக, 2024 நவம்பர் மழையில் ஒரு தொகுதி மீன் நீங்கள் நிர்ணயித்த ஈரப்பதத்துக்கு வந்த பதிவு, அந்த வடிவமைப்பைத் தெரிவு செய்த பணிப்பாளர் சபைத் தீர்மானம், வங்கியின் கடன் அனுமதிக் கடிதம், வாங்குவோரின் கட்டளைகள் எல்லாம் நவம்பர் 30க்குள் கையில் இருந்தன என்று வைப்போம். அப்படியானால் டிசம்பர் 1 முதல் சொத்து. அதற்கு முந்திய செலவு 40 இலட்சம் என்றால் அது போனது போனதுதான். இன்று உட்கார்ந்து அன்றைய திகதியில் தீர்மானம் எழுதினால் அது சான்று ஆகாது, பொய் ஆவணம் ஆகும்.

சிக்கலான பகுதி 2024 டிசம்பர் முதல் 2025 மார்ச் வரையான மிச்ச 16 இலட்சம். ஒருமுறை செலவாக எழுதியதைப் பின்னர் சொத்தின் கிரயத்தில் சேர்க்க எல்கேஏஎஸ் 38 இடம் தராது. கணக்காய்வாளர் மறுப்பது பெரும்பாலும் இதனால்தான், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் கையொப்பமிட்ட நாளிலேயே ஆறு சான்றுகளும் கோப்பில் இருந்து, அவற்றைப் பார்க்காமல் செலவாக எழுதியிருந்தால் அது எல்கேஏஎஸ் 8 சொல்லும் முந்திய காலப் பிழை. தொகை முக்கியமானது என்றால் போன வருட எண்களைத் திருத்திக் காட்ட வேண்டும். இயந்திரம் விலைப்பட்ட பிறகு வந்த நம்பிக்கையை வைத்துப் பின்னோக்கித் திருத்த முடியாது.

2025 ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான 40 இலட்சமும் அப்படியே சொத்து அல்ல. மாதிரி இயந்திரத்துக்கான பொருட்கள் 14, அதில் வேலை செய்தவர்களின் சம்பளம் 13, ஆய்வுகூடச் சோதனையும் ஆக்கவுரிமைப் பதிவும் 2 என்றால் 29 இலட்சம் ஏறும். இயந்திரத்தை இயக்குபவர்களைப் பயிற்றிய 3, கண்காட்சியும் விளம்பரமும் 3, கந்தோர் வாடகையும் பொது நிர்வாகமும் 5 ஆகிய 11 இலட்சம் ஏறாது. சம்பளத்தில்தான் அதிகம் வழுக்கும்: யார், எந்த நாள், எத்தனை மணித்தியாலம் இந்த வேலையில் இருந்தார் என்ற பதிவு இல்லாவிட்டால் அந்த 13இல் எதுவும் நிற்காது.

தேய்வு, சொத்து பாவனைக்குத் தயாரான நாளில் தொடங்கும். முதல் இயந்திரம் விலைப்பட்ட நாளில் அல்ல. உங்களுக்கு 2025 ஒக்டோபர் 1 என்று கொள்ளலாம். ஆக்கவுரிமை 20 வருடம் கிடைத்தாலும், 5 வருடத்தில் புதிய மாதிரி கொண்டுவரும் திட்டம் இருந்தால் ஆயுள் 5 வருடம்தான். எஞ்சிய பெறுமதி பூச்சியம். 29 இலட்சத்துக்கு வருடம் 5.8 இலட்சம், 2026 மார்ச் வரையான ஆறு மாதத்துக்கு 2.9. வருமானம் குறைந்த வருடத்தில் குறைவாகத் தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், வருமானத்தை வைத்துத் தேய்ப்பது பொருத்தமற்றது என்பதே நியமத்தின் அனுமானம். ஆயுளை ஒவ்வொரு வருடமும் மீளாய்வு செய்ய வேண்டும். 2028 மார்ச்சில் 14.5 இலட்சம் மிச்சம் இருக்கும்போது இன்னும் ஒரு வருடம்தான் ஓடும் என்று தெரிந்தால், அந்த 14.5உம் அடுத்த வருடத்தின் செலவு. பழைய வருடங்களைத் தொடத் தேவையில்லை.

இனிப் பங்கிலாபம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 57ஆம் பிரிவு, கடன்தீர் ஆற்றலுக்கு இரண்டைக் கேட்கிறது: வழமையான தொழிலில் கடன்களை அவ்வப்போது செலுத்த முடிய வேண்டும், சொத்து, கடன்களையும் கூறப்பட்ட மூலதனத்தையும் கூட்டிய தொகையை விட அதிகமாக இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கூட்டுத்தொகை 120 இலட்சம். 96ஐயும் ஏற்றினால் 106 இலட்சம் மிஞ்சுவது போலத் தோன்றும். 29இல் 2.9 தேய்ந்து 26.1 இலட்சமே நிற்கும் சொத்து என்றால் மிஞ்சுவது 36.1. வரிக்கணக்கில் அந்தச் செலவைக் கழித்துவிட்டிருந்தால், 30 வீதப்படி பின்னர் கட்ட வேண்டிய 7.83 இலட்சம் பிற்போட்ட வரிப் பொறுப்பும் வரும், மிஞ்சுவது 28.27. முந்திய 16 இலட்சமும் முழுதாகத் தகுதி பெற்று, மொத்தம் 45இல் 4.5 தேய்ந்து 40.5 நின்றாலும், அதற்கான வரிப் பொறுப்பு 12.15ஐக் கழித்தால் 38.35தான். அந்த 16 தகுதி பெற்று, வரிப் பொறுப்பும் இல்லாவிட்டால் மட்டுமே மிஞ்சுவது 50.5 ஆகி 40ஐத் தாண்டும்.

முதலாவது நிபந்தனையில் இந்தச் சொத்து உதவவே உதவாது. அந்தப் பணம் செலவாகிவிட்டது, மீன் வலைக்காரருக்கோ வங்கித் தவணைக்கோ வடிவமைப்பைக் கொடுக்க முடியாது. ஆகவே அடுத்த 12 மாதக் காசோட்டத்தை எழுதி, அதில் மிஞ்சுவதும் மேலே வந்த எல்லையும் எது குறைவோ அதையே பிரிக்கலாம். பிரிக்குமுன் கணக்காய்வாளரின் கடன்தீர் ஆற்றல் சான்றிதழும் வேண்டும். மீறிப் பிரித்தால் 61ஆம் பிரிவின் கீழ் பங்காளிகளிடமிருந்து திரும்பப் பெறலாம், உரிய கவனம் எடுக்காத பணிப்பாளரின் சொந்தப் பணத்துக்கும் அது வரும். உங்கள் பங்காளியிடம் இந்தப் பந்தியைக் காட்டலாம்.