ரத்து பட்டனை ஒளித்து வைத்தால் சந்தா தொடருமா?

"ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஆப் ஒன்றில் ஏப்ரல் 3 அன்று சேர்ந்தேன். 7 நாள் இலவசம், பிறகு மாதம் 1,499 ரூபாய். யுபிஐ ஆட்டோபே கொடுத்தால்தான் உள்ளேயே விட்டது. ஏப்ரல் 10 அன்று முதல் மாதப் பணம் போனது. பையனுக்குப் பிடிக்கவில்லை. மே 2 அன்று ரத்து செய்யப் பார்த்தால் பட்டனே கண்ணில் படவில்லை. தேடிக் கண்டுபிடித்தால், 'என் குழந்தையின் எதிர்காலம் எனக்கு முக்கியமில்லை' என்று எழுதியிருப்பதை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால், போனில் அழைத்துத்தான் ரத்து செய்ய முடியும் என்கிறது. அழைத்தால் பாதி விலைக்குத் தருகிறோம், ஒரு மாதம் நிறுத்தி வைக்கிறோம் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு லைனைத் துண்டித்துவிடுகிறார்கள். மே 10, ஜூன் 10 என்று பணம் போய்க்கொண்டே இருக்கிறது. ஆட்டோபேயை நானே நிறுத்தினால் சிபில் ஸ்கோர் குறையும், லீகல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டுகிறார்கள். நான் என்ன செய்வது?"
— வாசகி, திருநெல்வேலி

சிபில் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அந்தப் பயம்தான் உங்கள் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. சிபில் போன்ற நிறுவனங்களிடம் போவது கடன் கணக்குகளின் விவரம். மாதச் சந்தா கடன் அல்ல. சந்தாவுக்கான ஆட்டோபேயை நிறுத்துவதால் ஸ்கோர் குறையாது.

ஆனால் இன்றே ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கான ஆன்லைன் வகுப்புகளில், முழு ஆண்டுக் கட்டணத்தையும் ஒரு நிதி நிறுவனத்திடம் பெற்றோர் பெயரில் கடனாக வாங்கிவிட்டு, அதை 'மாதக் கட்டணம்' என்று சொல்லி விற்பதும் நடந்திருக்கிறது. அப்படியென்றால் அது உண்மையான கடன். தவணை தவறினால் ஸ்கோர் கட்டாயம் பாதிக்கும். உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, பணம் பெறுபவர் பெயர் என்னவென்று பாருங்கள். ஆப் நிறுவனத்தின் பெயர் இருந்தால் சந்தா. நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தாலோ, சேரும்போது பான் எண்ணும் ஆதார் ஓடிபியும் வாங்கியிருந்தாலோ, கடன் ஒப்பந்தம் எதுவும் மின்னஞ்சலில் வந்திருந்தாலோ எதையும் நிறுத்தாமல் அந்த ஆவணங்களோடு உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் யுபிஐ பின் மட்டும்தான் கொடுத்திருக்கிறீர்கள். எனவே இது சந்தா என்றே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பணம் போவதை நிறுத்துவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. ஆட்டோபேயை நிறுத்துவது உங்களுக்கும் உங்கள் வங்கிக்கும் இடையிலான விஷயம். அதை மட்டும் செய்துவிட்டுப் பேசாமல் இருந்தால், 'வாடிக்கையாளர் ரத்து செய்யவே இல்லை, பாக்கி வைத்திருக்கிறார்' என்று நிறுவனம் சொல்ல இடம் இருக்கிறது. அதனால் இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். எழுத்துமூலமான ரத்து முதலில் போகட்டும்.

அந்த எழுத்து யாருக்குப் போக வேண்டும்? 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் வந்ததும் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணை விட்டுவிடுங்கள். அங்கே பேசுபவருக்கு உங்களைத் தக்கவைப்பதுதான் வேலை. பதிவு செய்த அதே மின்னஞ்சலிலிருந்து குறைதீர் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள்:

"என் சந்தாவை மே 2 அன்றே ரத்து செய்ய முயன்றேன். உங்கள் ஆப் அதற்கு வழி தரவில்லை. மே 2 முதல் சந்தா ரத்தானதாகக் கொள்ள வேண்டும். அதற்குப் பின் எடுத்த 2,998 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இனி பணம் எடுக்க நான் தந்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன். ரத்து குறித்துத் தொலைபேசியில் பேச விரும்பவில்லை. எழுத்தில் மட்டும் பதில் தரவும்."

கோபமோ கதையோ சேர்க்க வேண்டாம். போனில் அழைத்தால்தான் ரத்து என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது அவர்களாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. உங்கள் மின்னஞ்சல் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததும் உங்கள் விருப்பம் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு ரூபாய் எடுத்தாலும் தெரிந்தே எடுத்ததாகும்.

மின்னஞ்சல் போனதும் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்து, யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள். அங்கே Pause என்றும் Cancel என்றும் இரண்டு இருக்கும். Pause சில காலத்துக்கு மட்டும்தான், பிறகு பணம் மீண்டும் போகத் தொடங்கும். நமக்கு வேண்டியது Cancel. ஆப்பை அழித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அழித்தாலும் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். யுபிஐ ஆப்பில் அந்த அனுமதி தென்படாவிட்டால் வங்கியிடம் கேளுங்கள். தொடர்ந்து பணம் எடுக்கும் அனுமதியை வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற வழி செய்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்பியிருக்கவும் வேண்டும். மே 9, ஜூன் 9 வாக்கில் அப்படி எஸ்எம்எஸ் ஏதும் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் வங்கி மீதும் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

இனி உங்கள் உரிமைக்கு வருவோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இந்த ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் 13 வகைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு நடந்தது இரண்டு வகைகளில் நேராகப் பொருந்துகிறது. முதலாவது சந்தாப் பொறி. ரத்து செய்யும் வழியை மறைப்பது, அதை நீண்டதாகவும் சிக்கலாகவும் ஆக்குவது, இலவசச் சேவைக்கே ஆட்டோபே அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவது மூன்றும் இதில் அடங்கும். நீங்கள் சேர்ந்த முதல் நாளே மூன்றாவது நடந்துவிட்டது. இரண்டாவது, குற்ற உணர்வைத் தூண்டி முடிவை மாற்றவைப்பது. பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிய அந்த வாசகம் இதற்கு அச்சு அசலான உதாரணம். ஒரு தாயின் மனத்தில் எங்கே கை வைத்தால் வலிக்கும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் ஆத்திரம் தருவது அதுதான்.

ஆனால் அந்த நெறிகள் தாமாக உங்கள் பணத்தை வாங்கித் தருவதில்லை. மத்திய ஆணையம் நிறுவனத்தின் நடைமுறையையே நிறுத்தச் சொல்லும் அமைப்பு. அங்கே புகார் தாருங்கள், அது மற்றவர்களுக்கும் உதவும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சிறு தொகை என்றால் நிறுவனங்கள் பல நேரம் அந்தக் கட்டத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. கொடுக்காவிட்டால் பணத்துக்கான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

அங்கே போவதற்கு முன் ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். ரத்து நடைமுறையை மறுபடி முதலிலிருந்து போய்ப் பார்த்து, போன் திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை அழுத்த வேண்டியிருந்தது, பட்டன் எந்த நிறத்தில் எந்த மூலையில் இருந்தது என்று எழுதி வையுங்கள். அமெரிக்காவில் அமேசான் பிரைம் சந்தா மீது அந்நாட்டு வணிக ஆணையம் 2023இல் வழக்குப் போட்டபோது இப்படித்தான் எண்ணிக் காட்டியது: ரத்து செய்ய 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வுகள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலர் தரச் சம்மதித்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்கான தொகை. 'மிகவும் சிரமமாக இருந்தது' என்று எழுதுவதைவிட இப்படிப்பட்ட எண்ணிக்கை வலுவான சாட்சி. நீங்கள் அழைத்த நாள், நேரம், எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்பது போனின் அழைப்புப் பட்டியலில் இருக்கும். அதையும் படம் எடுத்து வையுங்கள். இவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும்.

மே 2க்குப் பிறகு உங்கள் மகன் அந்த ஆப்பைத் திறந்தானா என்பதையும் விசாரியுங்கள். நிறுவனம் முதலில் எடுத்து வைப்பது பயன்பாட்டுப் பதிவாகத்தான் இருக்கும். மே 20 அன்று அவன் ஒரு பாடம் கேட்டிருந்தால் 'சேவையை அனுபவித்துவிட்டுப் பணம் கேட்கிறார்' என்பார்கள். திறந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்து நடைமுறையைப் பதிவு செய்ய நீங்கள் உள்ளே போனதும் அந்தப் பதிவில் தெரியும். அதற்கு உங்கள் வீடியோவே விளக்கம்.

ஏப்ரல் 10 அன்று போன 1,499 ரூபாய் கிடைப்பது கடினம் என்பதே என் கருத்து. இலவச நாட்கள் முடியும் முன் ரத்து செய்ய நீங்கள் முயலவில்லை. கட்டாய ஆட்டோபேயைக் காட்டி அதையும் கேட்கலாம். ஆனால் மே 2க்குப் பிந்தைய 2,998 ரூபாயில்தான் உங்கள் வழக்கின் பலம் இருக்கிறது. அதோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள்.

மனுவை 'நேர்மையற்ற வணிக நடைமுறை', 'சேவைக் குறைபாடு' என்ற இரண்டு தலைப்புகளில் எழுதுங்கள். 'பணம் திருப்பித் தரப்படாது' என்ற அவர்களுடைய நிபந்தனையைப் பார்த்துவிட்டு 'நேர்மையற்ற ஒப்பந்தம்' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த வகைப் புகார்களை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இந்தச் சொல் ஒன்றால் மனு திரும்பிவர நேரலாம்.

'பெங்களூரு நீதிமன்றங்களுக்கே அதிகாரம்' என்பதுபோல் நிபந்தனையில் ஏதாவது இருந்தாலும் கவலை வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் திருநெல்வேலியிலேயே மனு போடலாம். உங்களுடையதைப் போன்ற சிறு தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை, நீங்களே வாதாடலாம், இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. குறைதீர் அலுவலருக்குக் கொடுத்த ஒரு மாதம் முடிந்ததும் போட்டுவிடுங்கள். இதற்கிடையில் உண்மையாகவே அவர்களிடமிருந்து லீகல் நோட்டீஸ் வந்தால் அதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள். உங்கள் மே 2 முயற்சியும் மின்னஞ்சலின் தேதியும் அந்தப் பதிலில் இருந்தால் போதும்.