த்ரில்லரில் காதல்: கதை எங்கே நிற்கிறது?

கேள்வி: முப்பது அத்தியாயத்தில் ஒரு த்ரில்லர் எழுதி வருகிறேன். மூழ்கிய சரக்குக் கப்பலைப் பற்றி விசாரிக்கும் காப்பீட்டு அதிகாரிதான் நாயகி. அவளுக்கு உதவ வரும் முக்குளிப்பு வீரன் மீது காதல் கொள்கிறாள். காதல் வரும்போதெல்லாம் கதை நின்றுவிடுகிறது என்கிறார்கள் படித்தவர்கள். காதலைக் குறைத்துவிடட்டுமா?

பதில்: குறைத்தால் நிற்கும் நேரம் குறையும், நிற்பது நிற்கத்தான் செய்யும். ஒவ்வொரு காதல் காட்சியையும் எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய பக்கத்தையும் பிந்தைய பக்கத்தையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். விசாரணை இடறாமல் தொடர்ந்தால், அந்தக் காட்சி கதையில் ஒட்டவே இல்லை.

பதினான்காம் அத்தியாயத்தில் இருவரும் கரையில் உட்கார்ந்து இளமைக் காலத்தைப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அவள் விட்ட இடத்திலிருந்தே விசாரிக்கிறாள். அதே காட்சியில் அவன், அந்தக் கப்பலுக்குள் தான் முன்பே இறங்கியதாகவும், சரக்கறை காலியாக இருந்ததாகவும் சொல்லட்டும். இதுவரை மறைத்ததற்குக் காரணம், அவனுடைய அண்ணன் அதே கப்பலில் வேலை பார்த்தவர். இப்போது அவள் கையில் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அவன்மீதுள்ள பிரியத்தால் அறிக்கையில் சாட்சியின் பெயரை விட்டுவிடுகிறாள். இருபதாம் அத்தியாயத்தில் எதிரியின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே, "பார்த்தவர் யார்?" என்பதுதான். காதல் ஒரு துப்பைக் கொடுத்தது, ஒரு தவற்றையும் செய்ய வைத்தது. கூடவே, அவன் உண்மையைத்தான் சொன்னானா என்ற சந்தேகம் காதலையும் மர்மத்தையும் ஒரே கேள்வியாக்கிவிடுகிறது. இதற்காகப் பக்கங்களைக் கூட்ட வேண்டியதில்லை. இளமைக் காலப் பேச்சில் பாதியை வெட்டினாலே இடம் கிடைத்துவிடும்.

நெருக்கத்தை எங்கே வைப்பது? துரத்தலின் நடுவில் நின்று மனம் திறப்பவர்களை நான் நம்புவதில்லை. ஆபத்து விலகி, கை நடுக்கம் அடங்காத நேரமே பொருத்தமானது. டட்டன், ஆரன் என்ற உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஆடும் தொங்குபாலத்தில் ஒரு பெண் பேட்டி கண்ட ஆண்கள், உறுதியான பாலத்தில் பேட்டி தந்தவர்களைவிட அதிகமாகப் பின்னர் அவளைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பயத்தின் படபடப்பை ஈர்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். உங்கள் நாயகிக்கும் அந்தச் சந்தேகம் வரட்டும். ஒரு வரி போதும்.

அறிக்கைக்குக் கெடு இருந்தால், காதல் காட்சியிலும் அந்த நேரம் கரைய வேண்டும். அவனோடு கழித்த இரவில் ஒரு தொலைபேசி அழைப்பை அவள் தவறவிடலாம்.

முடிவில் காதலுக்கென்று தனி அத்தியாயம் வேண்டாம். அவன் பெயரை அறிக்கையில் எழுதுவதா, வழக்கை இழப்பதா என்ற தேர்வை உச்சக்கட்டத்திலேயே வையுங்கள். அவள் எழுதினால், அவன் என்ன செய்கிறான் என்பதை அரைப் பக்கத்தில் சொல்லிவிடலாம்.